வெள்ளை ஒளியில் பட்டைகள் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவே வருகின்றன?

கேள்வி: "வணக்கம் ஐயா. டர்பனில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மைக்கல்சன் கருவியில் சோடியம் விளக்கு வைத்தால் பட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதை எடுத்துவிட்டுச் சாதாரண பல்பு வைத்தால் ஒன்றுமே இல்லை. ஆய்வகத்தில் 'பத்துப் பட்டைதான் வரும், தேடு' என்கிறார்கள். ஓரியல் நீளம் குறைவு என்று புத்தகம் சொல்கிறது. அப்படியென்றால் என்ன? பட்டைகள் எங்கே போகின்றன? எப்படித் தேடுவது?"

பட்டைகள் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு நிறத்தின் பட்டையும் அங்கேயேதான் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றையொன்று நிரப்பிவிடுவதால் உங்கள் கண்ணுக்குச் சமமான வெள்ளையாகத் தெரிகிறது. நிறங்களைப் பிரித்துப் பார்த்தால் மறைந்தவை திரும்ப வரும். இதைக் கடைசியில் ஒரு சின்னக் கருவியால் நீங்களே பார்க்கலாம். பட்டையைத் தேடிப் பிடிக்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

முதலில் மூன்று நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: நீலம் 450, பச்சை 550, சிவப்பு 650 நானோமீட்டர். மைக்கல்சன் கருவி ஒளியை இரண்டாகப் பிரித்து, இரு கைகளின் முனையிலுள்ள ஆடிகளுக்கு அனுப்பி, திரும்பி வருவதை ஒன்றுசேர்க்கிறது. இரு கைகளின் பாதையும் சரிசமமாக இருந்தால் பாதை வேறுபாடு சுழி. அந்த இடத்தில் எந்த நிறமானாலும் இரண்டு அலைகளும் ஒரே கட்டத்தில் சேர்கின்றன. (ஒளிபிரிப்பானின் பூச்சில் எதிரொளிக்கும்போது கட்டம் மாறுவதால் சில கருவிகளில் இந்த நடுப்பட்டை கறுப்பாக இருக்கும். கறுப்போ வெள்ளையோ, எல்லா நிறத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும் என்பதுதான் முக்கியம். இங்கே பொலிவு என்றே வைத்துக்கொள்கிறேன்.)

இப்போது பாதை வேறுபாட்டை 550 நானோமீட்டர் ஆக்குங்கள். பச்சைக்குச் சரியாக ஒரு அலைநீளம், அதனால் பொலிவு. நீலத்துக்கு அது 1.22 அலைநீளம், சிவப்புக்கு 0.85. இரண்டும் பச்சையை விட்டுச் சற்றே விலகிவிட்டன, ஆனாலும் பட்டை தெரியும், ஓரங்களில் நிறத்தோடு. 1100க்குப் போனால் பச்சைக்கு 2, நீலத்துக்கு 2.44. அதாவது பச்சை முழுப் பொலிவில் இருக்கும் இடத்தில் நீலம் கிட்டத்தட்ட இருண்டுவிட்டது. அந்தப் பட்டை இனி வெள்ளையாக இருக்க முடியாது. இன்னும் இரண்டு மூன்று பட்டை தள்ளிப் போனால் சில நிறங்கள் பொலிவாகவும் அவற்றுக்கு இடைப்பட்டவை இருளாகவும் இருக்கும். கண்ணுக்கு வெளிறிய இளஞ்சிவப்பும் இளம்பச்சையும் மாறிமாறித் தெரியும். அதற்கப்பால் வெள்ளைதான்.

ஓரியல் நீளம் என்பது இந்தக் கதையின் அளவுகோல். மூலத்தின் நடு அலைநீளம் λ, நிறப் பரப்பின் அகலம் Δλ என்றால், பட்டைகள் தெளிவாகத் தெரியும் பாதை வேறுபாடு தோராயமாக

λ² / Δλ

வரைக்கும்தான். இதை ஒரு அலைநீளத்தால் வகுத்தால் பட்டைகளின் எண்ணிக்கை, அதாவது λ/Δλ, கிடைக்கும். அதற்கு மேல் நிறப் பரப்பின் ஒரு முனை, மறுமுனையைவிட ஒரு முழுப் பட்டை முந்திவிடும். எல்லாம் கலந்துவிடும்.

பல்பின் ஒளியை நம் கண் 400 முதல் 700 நானோமீட்டர் வரை பார்த்தாலும், அதன் கூர்மை பச்சையை ஒட்டிய சுமார் 100 நானோமீட்டர் அகலத்துக்குள்தான் குவிந்திருக்கிறது. ஆகவே 550 × 550 / 100, அதாவது ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர். பட்டைக் கணக்கில் 5.5. நடுவிலிருந்து இருபுறமும் ஐந்தைந்து என்று உங்கள் ஆய்வகத்தில் சொன்னது சரியான கணக்குதான்.

புத்தகங்களில் இதையே "மூலம் குட்டையான அலைத்தொடர்களை வெளிவிடுகிறது, ஒரு தொடர் இன்னொன்றைச் சந்திக்கத் தவறிவிடுகிறது" என்று எழுதியிருப்பார்கள். தவறில்லை. பல அலைநீளங்களைக் கூட்டினால் வருவது குட்டையான ஒரு துடிப்புதான், இரண்டும் ஒரே கணக்கின் இரு முகங்கள். ஆனால் அந்தப் படத்தை மட்டும் மனதில் வைத்திருப்பவர்கள், "தொடர்கள் சந்திக்கவேயில்லை, ஆகவே குறுக்கீடே நடக்கவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது பிழை. குறுக்கீடு ஒவ்வொரு நிறத்திலும் நடந்துகொண்டே இருக்கிறது.

மழை பெய்த டர்பன் சாலையில் வண்டி எண்ணெய் சிந்திய இடத்தில் வண்ண வளையங்கள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கணக்குதான். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. படலம் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன் என்றால் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளித்த ஒளிகளுக்கு இடையே 2 × 1.5 × 1 = 3 மைக்ரோமீட்டர் பாதை வேறுபாடு. அதைவிடத் தடித்த இடத்தில் நிறம் வெளிறி மறைகிறது. சொட்டிய இடத்தின் நடுவில் வண்ணம் இல்லாமல், பரவி மெலிந்த ஓரங்களில் மட்டும் இருப்பது அதனால்தான். வீட்டு ஜன்னல் கண்ணாடியின் இரு பரப்புகளும் இதே வேலையைச் செய்கின்றன, ஆனால் 3 மில்லிமீட்டர் கண்ணாடியில் பாதை வேறுபாடு 9 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் அங்கே பட்டையைக் காண வழியில்லை. அதே கண்ணாடியில் லேசர் ஒளியை விரித்து விழவிட்டு, எதிரொளியைச் சுவரில் பாருங்கள். வரிவரியாக இருக்கும்.

இனி தேடல். உங்கள் கருவியில் ஏன் கிடைக்கவில்லை என்பது ஒரு சின்ன எண்ணில் அடங்கிவிடும். ஒளி ஆடிக்குப் போய்த் திரும்புவதால், ஆடி நகர்வதைப்போல இரு மடங்கு பாதை வேறுபாடு மாறுகிறது. இருபுறமும் ஐந்து பட்டை என்றால் மொத்தம் 5.5 மைக்ரோமீட்டர் பாதை, அதாவது ஆடியின் நகர்வில் 3 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. நுண்ணளவித் திருகின் ஒரு பிரிவு 1 மைக்ரோமீட்டர், ஒரு முழுச் சுற்று 25 மைக்ரோமீட்டர் என்று அமைந்த கருவியானால், வெள்ளைப் பட்டைகள் மூன்றே பிரிவுக்குள் வந்து போய்விடும். விநாடிக்கு ஒரு சுற்று என்று திருகினால் அவை எட்டில் ஒரு விநாடியில் கடந்துவிடும். கண் இமைத்தால் தவறிவிடும். அடிக்கோலால் அளந்து இரு கைகளையும் சமமாக்கினாலோ, அரை மில்லிமீட்டர் பிழை சாதாரணம். 500 மைக்ரோமீட்டரில் 3ஐத் தேடுவது என்றால் வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான்.

ஆகையால் ஒரே தாவலில் சோடியத்திலிருந்து பல்புக்குப் போகக்கூடாது. ஓரியல் நீளத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆய்வகத்து ஹீலியம்-நியான் லேசரின் ஓரியல் நீளம் ஒரு சாண் அளவுக்கு இருக்கும். அதை வைத்து ஆடிகளை நேராக்கிக்கொள்ளுங்கள். தூரம் எவ்வளவு தவறாக இருந்தாலும் பட்டை தெரியும் என்பதால் அது சாய்வைச் சரிசெய்ய மட்டும் உதவும், தூரத்தைச் சொல்லாது.

அடுத்துச் சோடியம். அதில் 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரண்டு கோடுகள் இருப்பதால் பட்டைகள் ஒரு இடத்தில் கூர்மையாகவும், கொஞ்சம் தள்ளி மங்கலாகவும், மறுபடி கூர்மையாகவும் மாறிமாறி வரும். ஆடி 0.29 மில்லிமீட்டர் நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு கூர்மை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பட்டை மிகக் கூர்மையாக இருக்கிறது, இதுதான் சுழி" என்று நினைத்து, அடுத்த கூர்மையில் நின்றுகொண்டு பல்பை வைத்துத் தேடுவார்கள். சுழி அங்கிருந்து 0.29 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். வெள்ளைப் பட்டைகளின் முழு அகலத்தைப்போல நூறு மடங்கு தூரம் அது.

எந்தக் கூர்மை உண்மையான சுழி என்பதைப் பட்டையின் வளைவு சொல்லிவிடும். ஒரு ஆடியை இம்மியளவு சாய்த்து வையுங்கள். வட்டங்களுக்குப் பதிலாக வளைந்த கோடுகள் தெரியும். திருகைச் சுற்றச் சுற்ற அந்த வளைவு குறைந்துகொண்டே வந்து கோடுகள் நேராகும், பின் எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கும். நேராகும் இடம்தான் சுழியின் அக்கம்பக்கம். கண்ணால் பார்த்து இதைச் சில பத்து மைக்ரோமீட்டர் பிழைக்குள் பிடித்துவிடலாம். அளவியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் வெள்ளை ஒளிக்கும் இடையே இன்னும் ஒரு படி தேவை. சிவப்பு எல்.இ.டி. ஒன்று போதும். நடு அலைநீளம் 630, அகலம் சுமார் 20 நானோமீட்டர். 630 × 630 / 20 என்று பார்த்தால் கிட்டத்தட்ட 20 மைக்ரோமீட்டர், முப்பது பட்டைகள். விளக்குக்கும் கருவிக்கும் இடையில் ஒரு தேய்த்த கண்ணாடியோ எண்ணெய்த்தாளோ வையுங்கள், காட்சிப்புலம் முழுக்க ஒளி பரவும். குறித்துவைத்த எண்ணுக்குச் சில சுற்று முன்னாலிருந்து தொடங்கி, ஒரே திசையில், மிக மெதுவாகத் திருகுங்கள். சிவப்புப் பட்டைகள் மெல்ல எழுந்து, உச்சத்துக்குப் போய், மறுபடி மங்கும். உச்சத்தில் நிறுத்தி, எல்.இ.டி.யை எடுத்துவிட்டுச் சாதாரண இழை பல்பை வையுங்கள். இருக்கும் இடத்திலிருந்து நான்கைந்து பிரிவுக்குள் வண்ணப் பட்டைகள் வந்தாக வேண்டும்.

ஒரே திசையில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருகின் மரைகளுக்கு இடையே எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். திசையை மாற்றினால் பல பிரிவுகள் சுற்றிய பிறகுதான் ஆடி நகரவே தொடங்கும். குறித்த எண் பொய்யாகிவிடும். தாண்டிப் போய்விட்டீர்கள் என்றால் நன்றாகப் பின்னால் போய், பழைய திசையிலேயே மறுபடி வாருங்கள்.

இப்போது சொன்னேனே, நிறங்களைப் பிரித்தால் மறைந்த பட்டைகள் திரும்பும் என்று. பல்பை வைத்து, பட்டை எதுவும் தெரியாத இடத்தில் நின்றபடி, ஆடிகளின் சாய்வை எடுத்துவிட்டு, கண் வைக்கும் இடத்தில் ஒரு கைநிறமாலை நோக்கியை வையுங்கள். சிவப்பிலிருந்து ஊதா வரை விரிந்த நிறமாலையைக் குறுக்காக வெட்டியபடி கருங்கோடுகள் வரிசையாக நிற்கும். பாதை வேறுபாடு 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணுக்கு அங்கே சுத்த வெள்ளை. நிறமாலை நோக்கியிலோ 690, 645, 606, 571, 541, 513, 488 நானோமீட்டர் என்று தொடங்கி 400 வரை பதினொரு கருங்கோடுகள். அந்த ஒவ்வொரு அலைநீளமும் அந்த இடத்தில் அரைப் பட்டை விலகி இருண்டுபோனது. இடையில் இருப்பவை முழுப் பொலிவில். பதினொரு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் வெட்டியெடுத்த ஒளி கண்ணில் விழும்போது வெள்ளையாகத்தான் தெரியும், ஏனென்றால் சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் ஒரே விகிதத்தில் வெட்டு விழுந்திருக்கிறது.

இந்தக் கோடுகளே உங்களுக்குத் தூரத்தையும் சொல்லும். இரண்டு கருங்கோடுகளின் அலைநீளங்களைப் பெருக்கி, அவற்றின் வேறுபாட்டால் வகுத்து, இடையில் உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். மேலே 690க்கும் 488க்கும் இடையே ஆறு இடைவெளிகள். 690 × 488 / 202 × 6 என்றால் 10,000 நானோமீட்டர். பாதை வேறுபாடு 10 மைக்ரோமீட்டர், ஆடியை 5 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் சுழி. எந்தப் பக்கம் என்பதையும் கோடுகளே காட்டும். சரியான பக்கம் திருகினால் கோடுகள் எண்ணிக்கையில் குறைந்து, அகன்று, இடைவெளி பெருகும். தவறான பக்கம் போனால் நெருங்கி மெலிந்துபோகும்.

இது ஏன் தேடலைச் சுலபமாக்குகிறது என்றால், நிறமாலை நோக்கி 2 நானோமீட்டர் அளவுக்கு நிறங்களைப் பிரித்துக் காட்டினால், உங்கள் கண் இப்போது பார்ப்பது 100 நானோமீட்டர் அகலமான ஒளியை அல்ல, 2 நானோமீட்டர் அகலமான கீற்றுகளை. 550 × 550 / 2 என்றால் 150 மைக்ரோமீட்டர். விளக்கு மாறவில்லை, ஓரியல் நீளம் மட்டும் ஐம்பது மடங்கு பெருகிவிட்டது. ஓரியல் நீளம் என்பது விளக்குக்கு மட்டும் சொந்தமான எண் அல்ல, பார்க்கும் கருவி எவ்வளவு அகலமான நிறப் பரப்பை ஒன்றாகக் கூட்டுகிறது என்பதும் அதில் சேர்த்தி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். கரூவில் உள்ள மீர்காட் வானொலித் தொலைநோக்கியின் 64 தட்டுகளும் ஒரு பெரிய குறுக்கீட்டுமானிதான். அதன் ஒரு அலைவரிசை 856 முதல் 1712 மெகாஹெர்ட்ஸ் வரை. அகலம் 856 மெகாஹெர்ட்ஸ் என்பதால் ஓரியல் நீளம் 35 சென்டிமீட்டர். நடு அலைநீளமோ 23 சென்டிமீட்டர். ஆக ஒன்றரைப் பட்டைதான், நம் பல்பைவிட மோசமான 'வெள்ளை'. தட்டுகளுக்கு இடையே எட்டு கிலோமீட்டர் வரை தூரம் இருக்க, விண்மீனின் அலை ஒன்றைவிட மற்றொன்றில் கிலோமீட்டர் கணக்கில் தாமதமாக வந்து சேரும். முந்தி வந்ததைக் கணினியில் அந்த அளவு தாமதப்படுத்திச் சமமாக்குவார்கள். நீங்கள் திருகைச் சுற்றுவதற்குச் சமம் அது. அதோடு அலைவரிசையை 4096 துண்டுகளாகப் பிரிக்கும்போது ஒரு துண்டின் அகலம் 209 கிலோஹெர்ட்ஸ், அதன் ஓரியல் நீளம் 1.4 கிலோமீட்டர். நிறமாலை நோக்கி வைத்ததற்குச் சமம்.

மீண்டும் உங்கள் மேசைக்கு. இவ்வளவு செய்தும் பல்பில் பட்டை வரவில்லை என்றால் முதலில் ஈடுசெய் தட்டைப் பாருங்கள். ஒளிபிரிப்பானின் பூச்சு கண்ணாடியின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் ஒரு கையின் ஒளி அந்தக் கண்ணாடியை மூன்று முறை கடக்க, மற்றது ஒரே முறை கடக்கிறது. சோடியத்துக்கு இது பொருட்டில்லை, ஆடியை நகர்த்தி ஈடுகட்டிவிடலாம். வெள்ளைக்கு அது நடக்காது, ஏனென்றால் கண்ணாடி நீலத்தைச் சிவப்பைவிட அதிகம் தாமதப்படுத்துகிறது. 6 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி 45 பாகையில் நின்றால், நீலத்துக்கு நிறைவான இடமும் சிவப்புக்கு நிறைவான இடமும் ஆடியின் நகர்வில் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் விலகிவிடும். எல்லா நிறமும் ஒன்றுசேரும் ஒரு புள்ளியே அங்கு இல்லை. அதே கண்ணாடியில் அதே தடிமனில் வெட்டிய தட்டு மற்ற கையில், ஒளிபிரிப்பானுக்கு இணையாக நிற்க வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டும்போது சற்றே திருகலாக வைத்துவிடுவது உண்டு. கனசதுர ஒளிபிரிப்பான் உள்ள கருவியில் இரு கைகளும் ஒரே அளவு கண்ணாடியைக் கடப்பதால் தனித்தட்டு தேவையில்லை.

இரண்டாவது, விளக்கு. வளைந்த குழாய் விளக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதன் ஒளி 546, 611 நானோமீட்டர் போன்ற சில கூரிய கோடுகளில் குவிந்திருக்கிறது. அதனால் சுழியிலிருந்து வெகுதூரம் தள்ளியும் வண்ணப் பட்டைகள் அங்கங்கே தலைகாட்டும், நீங்கள் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பீர்கள். வெள்ளை எல்.இ.டி.யும் நீலத்தில் ஒரு கூரிய மேடு, மஞ்சளில் ஓர் அகன்ற மேடு என்று இருப்பதால் நீலப் பட்டைகள் மற்றவை மறைந்த பிறகும் நீளும். இழை பல்பில் இந்தக் குழப்பம் இல்லை.

உண்மையான சுழியில் நிற்கிறீர்களா என்பதை நிறங்களின் ஒழுங்கே உறுதிசெய்யும். ஒரு ஆடியைச் சிறிது சாய்த்தபடி பார்த்தால், நடுவில் நிறமற்ற ஒரே ஒரு பட்டை, அதன் இருபுறமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே நிற வரிசை. நடுப்பட்டை வெள்ளை என்றால் அதன் ஓரம் மஞ்சளும் பழுப்பும் கலந்து இருக்கும், ஏனென்றால் முதலில் இருள்வது நீலம். அடுத்த பொலிவுப் பட்டையின் உட்புறம் நீலமாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருக்கும். இருபுறமும் வரிசை ஒத்துவராமல் ஒரு பக்கம் மட்டும் நிறங்கள் இழுபட்டுக் கிடந்தால், ஈடுசெய் தட்டின் கோணத்தை மறுபடி பாருங்கள்.

கடைசியாகச் சூடு. அலுமினிய அடித்தளத்தில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கை மட்டும் ஒரு பாகை சூடேறினால் 2.3 மைக்ரோமீட்டர் நீளும். நடுப்பட்டையிலிருந்து கடைசிப் பட்டை வரை உள்ள தூரத்தைவிட அது அதிகம், பட்டைகள் மொத்தமாகக் காட்சியை விட்டு வெளியேறிவிடும். பல்பைக் கருவியை விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள், கைகளைத் தளத்தின்மேல் ஊன்றாதீர்கள், குளிரூட்டியின் காற்று ஒரு பக்கமாக அடித்தால் அட்டைப்பெட்டி ஒன்றால் கருவியை மூடிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். நேற்றுக் குறித்த எண்ணில் இன்று பட்டை இல்லை என்றால் பயப்பட வேண்டாம், பத்துப் பிரிவு முன்னும் பின்னும் சிவப்பு எல்.இ.டி.யோடு ஒரு முறை போய்வந்தால் கிடைத்துவிடும்.